அப்பம்மாவின் கதையும் குழந்தையின் சித்திரமும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் உள்ளது மட்டக்குளி. அதன் ஓரத்திலே காக்கைத்தீவு. அங்கே வாழும் ஒரு குடும்பத்தில், வடை சுட்ட பாட்டியின் பழங்கதையை அப்பம்மா ஒருவர் தம் பேத்திக்கு இரவுதோறும் சொல்லிவருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் கடை காக்கைத்தீவுக் கரையிலே இருப்பதாகவே அவர் சொல்லுவார். ஏழு வயதுப் பேத்தி அக்கதைக்கு ஒன்பது சித்திரங்கள் வரைந்திருக்கிறாள். அப்பம்மாவின் குரலையும் இந்த ஒன்பது தாள்களையும் இணைத்து மூன்று நிமிடப் படமொன்றை வீட்டிலேயே ஆக்குவது எங்ஙனம்?

இத்தகைய படத்திலே முதலில் வருவது ஒலி; சித்திரம் அதன் பின்னரே. அமெரிக்காவில் ஜோன் ஹப்ளி, ஃபெயித் ஹப்ளி என்னும் தம்பதியர் தம் புதல்வர் இருவரும் விளையாட்டாகப் பேசிய பேச்சை ஒலிப்பதிவு செய்து, அப்பேச்சிற்கேற்ப ஓவியங்களைத் தீட்டி, 1959 ஆம் ஆண்டில் ‘மூன்பேர்ட்’ என்ற குறும்படத்தை உருவாக்கினர். இரவிலே பறவை பிடிக்கப் புறப்படும் இரு சிறுவரின் கதை அது. ஒஸ்கார் பரிசும் பெற்றது. பிள்ளைகளின் தடுமாற்றத்தையும் முணுமுணுப்பையும் அவர்கள் திருத்தவில்லை. படத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

ஆகவே, அப்பம்மாவின் குரலைப் பதிவு செய்வதிலேயே முதற்கவனம் செலுத்தல் வேண்டும். சித்திரம் கெட்டால் குழந்தை மற்றொன்று வரைவாள். ஆனால் அந்த இரவிலே அந்தக் கதை சொல்லப்பட்ட விதம் மீண்டும் கிடைக்காது. கைத்தொலைபேசியை யாரும் கையிலே பிடித்திருத்தல் ஆகாது. விரல் உரசும் ஓசை கதை முழுவதும் கேட்கும். வாயிலிருந்து ஒரு முழ தூரத்திலே, ஒரு தலையணையின் மீது வைத்துவிடலாம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கூரைத்தகட்டில் மழை விழும் இரவாயின் பதிவை மறுநாளைக்கு ஒத்திப்போடுவதே நன்று. விசிறியின் இரைச்சலைப் பின்னர் ‘ஒடாசிற்றி’ போன்ற விலையில்லாச் செயலியால் குறைக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அளவுக்கு மீறிக் குறைத்தால் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒலிக்கத் தொடங்கும். அந்த ஒலி தோன்றியவுடன் சற்றுப் பின்வாங்குதல் வேண்டும்.

கதை முடிந்ததும் எவரும் பேசாமல் பத்து விநாடி அறையின் வெறுமையையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எந்த அறையும் முற்றாக ஊமையன்று. தூரத்து முச்சக்கரவண்டியும் கடற்காற்றும் அதிலே கலந்திருக்கும். இருமலையோ நீண்ட இடைவெளியையோ வெட்டி, அவ்விடத்தைச் சூனியமாக விட்டால், கேட்பவரின் செவிக்கு அது ஒரு பள்ளமாகப்படும். அப்பள்ளத்தை அந்தப் பத்து விநாடியிலிருந்து எடுத்து நிரப்பலாம்.

ஐந்து நிமிடப் பதிவு, வெட்டியபின் 200 விநாடி ஆயிற்று என்க. நடுவிலே குழந்தை, “அப்பம்மா, காகத்துக்குப் பாட்டுத் தெரியுமோ?” என்று கேட்கிறாள், அப்பம்மா சிரித்துவிடுகிறார். அதை வெட்டுதல் பெரும் பிழை. பத்து ஆண்டு கழித்து அக்குடும்பம் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது அந்த இடத்தைத்தான்.

இனிச் சித்திரங்கள். வருடும் பொறியிருக்கும் கடைக்குக் கொண்டுசெல்வதாயின், எழுத்துப் பிரதிக்குரிய முறையில் அன்றி, வர்ணப் புகைப்படத்திற்குரிய முறையில் எடுக்கச் சொல்லல் வேண்டும். இன்றேல் மெல்லிய பென்சிற் கோடும் வெளிர் மஞ்சளும் மறைந்துவிடும். பஸ்டல் வர்ணம் கண்ணாடியிலே ஒட்டி, அடுத்த தாளிற் கறையாய் விழும். ஆகவே ஒவ்வொரு தாளுக்குப் பின்னரும் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். கைத்தொலைபேசியாற் படமெடுப்போர் காலையிலே, வெயில் நேரே படாத விறாந்தையில், தாளுக்கு நேர் மேலே நின்று எடுக்கலாம். தாளின் இரு ஓரங்களும் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதாகத் தோன்றினால், தொலைபேசி சாய்ந்திருந்தது என்பது பொருள்.

அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடப்பட்ட ஏ4 தாள், கிடையாக வைக்கும்போது 3508 புள்ளி அகலமுடையது. திரைப்படத்தின் அகலமோ 1920 புள்ளி. எனவே தாளின் பாதியளவைத் திரை முழுவதும் காட்டினாலும் படம் மங்காது. காற்பங்கைக் காட்டினால் மங்கிவிடும். இந்த உண்மை பெரிதும் உதவும் இடமொன்று உண்டு.

200 விநாடியை ஒன்பது சித்திரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 22 விநாடி நிற்கும். பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். படம் சுவரிலே தொங்கும் நாட்காட்டி போல் ஆகிவிடுகிறது. அதற்கு மாறாக, பதிவைக் கேட்டு, எந்த விநாடியில் எது சொல்லப்படுகிறது என்று ஒரு தாளிலே குறித்துக்கொள்ள வேண்டும். காகம் வடையைக் கவ்வுவது 5 விநாடியில் முடிந்துவிடுகிறது. நரி காகத்தைப் புகழ்வதற்கோ அப்பம்மா 48 விநாடி எடுத்துக்கொள்கிறார். அதற்குச் சித்திரம் ஒன்றே. அங்கே முழுத்தாளை 20 விநாடியும், நரியின் முகமுள்ள பாதியை 14 விநாடியும், காகத்தின் அலகுள்ள பாதியை 14 விநாடியும் காட்டலாம். புதிய சித்திரம் எதுவும் தேவையில்லை.

வடை விழுந்த சித்திரம் சொல்லுக்கு முன்னே தோன்றிவிடல் ஆகாது. ஒரு விநாடி முந்தினாலும் அப்பம்மா சொல்லப்போகும் செய்தியைத் திரை சொல்லிவிடும். குழந்தை அப்பம்மாவைக் கேட்பதை விட்டுவிடுவாள். “விழுந்தது” என்ற சொல் முடியும்போது மாற்றுவதே தக்கது.

காகம் பறக்க வேண்டும் என்று குழந்தை விரும்பினால், வரைந்த தாளிலிருந்து காகத்தை வெட்டுதல் கூடாது. வெட்டிய இடம் வானத்தில் ஓட்டையாகும். வானத்தை ஒரு தாளிலும் காகத்தை வேறொரு தாளிலும் வரையச் சொல்லலாம். படத்தொகுப்புச் செயலியிலே மேற்படத்தைக் கீழ்ப்படத்தோடு ‘பெருக்கும்’ முறை ஒன்று உண்டு. அதனால் வெள்ளைத்தாள் மறைந்து கருங்காகம் மட்டும் நிற்கும். ஆனால் அதே முறையில் மஞ்சள் வடையை நீல வானத்தின் மேல் வைத்தால் அது பச்சையாகிவிடும். வடையை மட்டும் விளிம்போடு வெட்டி எடுத்தல் வேண்டும். ஒரே காகத்தைக் குழந்தை மூன்று முறை வரைந்து, அம்மூன்றையும் விநாடிக்கு ஆறு முறை மாற்றி மாற்றிக் காட்டினால், கோடுகள் மெல்ல நடுங்கிப் பறவை உயிர்பெற்றது போலத் தோன்றும். மூன்றும் ஒன்றுபோல் இல்லையே என்று பெரியோர் திருத்த முற்பட்டால் அந்த நடுக்கம் போய்விடும்.

முன்னே தலைப்பிற்கு 4 விநாடியும், இறுதியிலே 6 விநாடியும் சேர்த்தால் படம் 210 விநாடி ஆகும். அவ்விரு இடங்களிலும் அறையின் அந்த வெறும் ஒலியே நிற்கலாம், வாத்தியம் வேண்டியதில்லை. விநாடிக்கு 8 மெகாபிற் வீதம் சேமித்தால் கோப்பு ஏறத்தாழ 210 மெகாபைற்று வரும். இதனை டொரொண்டோவிலுள்ள மாமிக்கு ‘வாட்சப்’ வழியே சாதாரணக் காணொளியாக அனுப்பினால், செயலி அதனைச் சுருக்கிப் பென்சிற் கோடுகளைக் குழப்பிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவ்வாறு நேராது. வெட்டப்படாத முதற்பதிவை மட்டும் தொலைபேசியில் விட்டுவைக்காமல் வேறு இரண்டு இடங்களிலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். தொலைபேசி தொலைவதுண்டு, முகத்துவாரத்து மழையில் நனைவதும் உண்டு.