தேனீ வராத பேரித் தோட்டம்

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் உள்ள ஹான்யுவானில் பேரி மரங்கள் பூக்கும்போது, உழவர்கள் மூங்கில் குச்சியுடன் மரமேறுகிறார்கள். குச்சி நுனியில் கோழி இறகு, அதில் மகரந்தம்.

பெரும்பாலான பேரி ரகங்களின் பூ தன் ரகத்து மகரந்தத்தால் காய்க்காது. வேற்று ரகப் பூக்களின் மகரந்தப்பைகளைப் பறித்து, உலர்த்தி, பொடியை ஒவ்வொரு பூவிலும் தொட்டு வைக்க வேண்டும். தொடாத பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும்.

தேனீக்கள் என்ன ஆயின? தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுவதால், தேனீ வளர்ப்போர் பெட்டிகளை அங்கே கொண்டுவரத் தயங்குகிறார்கள். மருந்து பட்ட தேனீ செத்துவிழும்; குறைந்த அளவு நஞ்சுகூடச் சில வகைகளில் அதன் நினைவாற்றலைக் குலைத்து, கூட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கச் செய்யும்.

பூக்காலமோ சில நாள்தான். ஒருவரால் ஒரு நாளில் சில மரங்களையே முடிக்க முடியும். கூலி உயர உயர, இந்த வேலை கட்டுப்படியாவதில்லை.