ஆறு பேருக்கு ஆறு நாற்காலி

0 முதல் 6 வரை எண்களை எடுத்துப் பெருக்கி, விடையை 7ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். இங்கே பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூச்சியம் வராது. இத்தகைய எண் அமைப்புக்கு ‘இன்டெக்ரல் டொமைன்’ என்று பெயர்.

1 முதல் 6 வரை ஒவ்வொன்றையும் 3ஆல் பெருக்குங்கள்: 3, 6, 2, 5, 1, 4. எதுவும் இருமுறை வரவில்லை. 3x = 3y என்றால் 3(x − y) = 0; 3 பூச்சியமல்ல, ஆகவே x = y.

ஆறு பேர், ஆறு நாற்காலி. எதிலும் இருவர் உட்காரவில்லை என்றால் ஒன்றுகூடக் காலியிராது. எனவே 1 வந்தே தீரும்: 3 × 5 = 15, மீதி 1. 3ஆல் வகுக்க, 5ஆல் பெருக்கினால் போதும்.

முடிவுள்ள எந்த இன்டெக்ரல் டொமைனிலும், பூச்சியமல்லாத எந்த எண்ணுக்கும் இதே வாதம் பொருந்தும். இப்படி வகுக்க முடிகிற அமைப்புதான் ‘ஃபீல்டு’. முழு எண்களோ முடிவற்றவை. 2ஆல் பெருக்கினால் மோதல் இல்லை, ஆனால் 1 கிடைக்காது.