மேலே, கீழே, அதே

சென்ற மாதம் இரவு பத்து மணிக்கு, பியானோ வகுப்பில் என்னைவிட நான்கு வருடம் இளையவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, இன்னைக்கு லிசனிங் டெஸ்ட்ல ஒரு பீஸ் போட்டாங்க. ட்யூன் மண்டைக்குள்ளயே ஓடுது, பேர்தான் தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மேற்கத்திய இசை படிக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் தவிப்பு இது. பாடல் வரி இருந்தால் அதை வைத்துத் தேடிவிடலாம். வெறும் வாத்திய இசைக்கு எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. "முதல் சுரத்துக்கு ஒரு புள்ளி வை. அடுத்த ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட மேலே போனதா, கீழே போனதா, அதே இடத்தில் நின்றதா என்று மட்டும் எழுதி அனுப்பு" என்று பதில் போட்டேன்.

இது டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயரின் வழி. 1975இல் அவர் வெளியிட்ட அகராதியில், ஆயிரக்கணக்கான மெட்டுகள் இந்த மூன்று அசைவுகளின்படியே அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே போனால் U, கீழே இறங்கினால் D, அதே சுரம் திரும்பினால் R. எவ்வளவு தூரம் ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது என்பது எதுவுமே வேண்டாம். சுரம் எழுதத் தெரியாதவர்கூட இதை எழுதிவிடலாம். இவ்வளவு குறைந்த தகவல் எப்படிப் போதும் என்று தோன்றும். ஒவ்வொரு அசைவிலும் மூன்று வழி பிரிவதால், பத்துப் பன்னிரண்டு அசைவுகளுக்குள் பெரும்பாலான மெட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிடுகின்றன.

அவள் முதலில் அனுப்பியது UUUUDR. எதுவும் பொருந்தவில்லை. குரலில் பாடி அனுப்பச் சொன்னபோதுதான் காரணம் தெரிந்தது. மெட்டு உயர்ந்த ஒரு சுரத்தில் தொடங்கி, சட்டென்று இறங்கி, பிறகுதான் படிப்படியாக ஏறுகிறது. ஏற்றம் மனதில் பதிந்த அளவுக்கு அந்த முதல் சுரம் பதியவில்லை. இந்த முறையில் அடிக்கடி நேரும் பிழை இதுதான். தொடக்கத்தில் ஒரு சுரம் விட்டுப்போனால் அகராதியில் வேறு பக்கத்துக்குப் போய்விடுவோம். சுரத்தைச் சுற்றி வரும் அலங்காரங்களைச் சேர்த்து எழுதினாலும் அப்படியே. திருத்திய பிறகு வந்தது இது:

```
*DUUUUDRUDUUUUDR
```

நம் சுரங்களில் சொன்னால் ப, ச ரி க ம, ப ச ச. த, ம ப த நி, ச ச ச. இரண்டாவது பகுதியில் நிஷாதத்துக்கு அடுத்து வருவது மேல் சட்ஜம், கடைசி இரண்டும் கீழ் சட்ஜம். பாடிப் பார்த்தால் பலருக்கும் தெரிந்த மெட்டு. ஜி மேஜர் மினுவெட். பியானோ கற்கும் குழந்தைகள் ஆரம்பத்திலேயே வாசிப்பது. 1965இல் 'தி டாய்ஸ்' குழு பாடிப் புகழ்பெற்ற 'எ லவ்வர்ஸ் கான்செர்ட்டோ' பாட்டும் இதே மெட்டுதான். மூல இசை மூன்று எண்ணிக்கையில் நடக்கும், அந்தப் பாட்டு நான்கில் நடக்கும். தாளம் மாறினால் காது ஏமாறும். பார்சன்ஸ் குறி தாளத்தைப் பார்ப்பதே இல்லை என்பதால் ஏமாறாது.

மெட்டு பிடிபட்ட பிறகும் விடைத்தாளில் 'மினுவெட் இன் ஜி' என்று எழுதினால் போதாது. பீத்தோவனுக்கும் ஒரு ஜி மேஜர் மினுவெட் உண்டு. இந்த மெட்டு இருக்கும் கையெழுத்துப் புத்தகத்திலேயே ஜி மேஜரில் இன்னொரு மினுவெட் இருக்கிறது. அதனால்தான் பட்டியல் எண் தேவைப்படுகிறது. நம் மெட்டுக்கு பி.டபிள்யூ.வி. அன்ஹாங் 114. பி.டபிள்யூ.வி. என்பது பாக் படைப்புகளின் பட்டியல். 'அன்ஹாங்' என்றால் பின்னிணைப்பு. பாக்கின் படைப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாதவற்றை அங்கே வைத்தார்கள்.

"பாக்னு எழுதிட்டேனே அக்கா, தப்பா?" என்று அடுத்த செய்தி வந்தது.

அந்தக் கையெழுத்துப் புத்தகம் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவுடையது, 1725இல் தொடங்கியது. பிடித்த இசைத் துண்டுகளைக் குடும்பத்தார் அதில் எழுதிவைத்தார்கள். இந்த மினுவெட்டுக்கு மேலே இயற்றியவர் பெயர் இல்லை. பாக் வீட்டுப் புத்தகம் என்பதால் பாக்குடையது என்றே நெடுங்காலம் அச்சிட்டார்கள். டிரெஸ்டன் நகரின் ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்டின் ஹார்ப்ஸிகார்ட் தொகுப்பு ஒன்றில் இது இருப்பதை 1970களில்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள். பழைய பாடப் புத்தகங்களில் இன்றும் பாக் பெயரே இருக்கிறது. திருத்துபவரின் விடைக்குறிப்பிலும் அப்படியே இருக்கலாம்.

அதனால் அடுத்த முறை இப்படி எழுதச் சொன்னேன்: பெட்சோல்ட், மினுவெட், ஜி மேஜர், பி.டபிள்யூ.வி. அன்ஹாங் 114, முன்பு பாக் இயற்றியதாகக் கருதப்பட்டது. ஒரு நிமிடம் கழித்து, "இவ்வளவையும் எழுத இடமே இருக்காதே அக்கா" என்றாள். இடம் குறைந்தால் மினுவெட்டையும் ஜி மேஜரையும் விட்டுவிடு, பெட்சோல்டையும் 114ஐயும் விடாதே என்றேன்.