போனவர் திரும்பி வந்தால்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய படகுப் பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அங்கே ஆறாண்டு வெல்டிங் வேலை செய்து கட்டாருக்குப் போனவர், மூன்றாண்டின் பின் பழைய முதலாளியிடமே வேலை கேட்டு வந்து நிற்கிறார். கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அன்று ஏன் போனார்?

சம்பளம் போதாது என்றுதான் சொல்லிப் போனார். பழைய கணக்கேட்டைப் புரட்டினாலோ, மேலதிக நேரக் கூலி இரண்டு மாதம் பிந்தியே கொடுபட்டது தெரிகிறது. இன்றும் அவ்வாறே பிந்துமாயின், அடுத்த விசா கிடைத்ததும் மறுபடி போய்விடுவார்.

இனி, போகாமல் நின்றவரைப் பார்ப்போம். அன்று அவருக்கு எடுபிடியாக இருந்த இளைஞரே இன்று தலைமை வெல்டர். வந்தவருக்குக் கூடிய சம்பளம் என்று பிறர் சொல்லி அறிந்தால் அவர் மனம் நோகாதோ? அவரும் கடவுச்சீட்டு எடுக்கப் புறப்படுவார். ஆதலின் சம்பளத்தையும், யார் பொறுப்பில் யார் என்பதையும் முதலாளி முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுவது நன்று என்பது எமது எண்ணம்.

பலர் மறக்கும் சங்கதி பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத தொழிலகத்தில் ஐந்தாண்டு நிறைந்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உண்டு. ஆறாண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் பெற்றுப் போனவர் இவர். இப்போது தொடங்குவது புதுச் சேவை. மீண்டும் ஐந்தாண்டு நிறையவேண்டும். பழைய ஆறாண்டும் சேருமென்று அவர் நம்பியிருக்கக்கூடும். நியமனக் கடிதத்தில் இதை எழுதாது விட்டால், பிணக்குத் தொழில் திணைக்களம் வரை போகும்.