இளைக்க மறுக்கும் ஜிஃப்

வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வாலை மட்டும் ஆட்டுகிறது ஒரு பூனை. காட்சியின் நீளம் நான்கு விநாடிதான். 640 பிக்சல் அகலம், 360 உயரம், விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் அதை ஜிஃப் ஆக்கினால் மொத்தம் 100 ஃபிரேம்கள், 2 கோடியே 30 லட்சம் பிக்சல்கள். கோப்பு கனப்பதில் வியப்பில்லை.

முதலில் கைவைக்க வேண்டியது அளவில். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் பிக்சல்கள் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகின்றன. போனில் பார்ப்பதற்கு 320 பிக்சல் அகலம் பெரும்பாலும் போதும். படத்தில் எழுத்து இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அது படிக்க முடியாமல் போய்விடும்.

அடுத்தது ஃபிரேம்கள். ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் ஐம்பது மிஞ்சும். அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் நிற்கும் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். ஜிஃப் இந்த நேரத்தை நூறில் ஒரு விநாடி என்ற அலகில் குறித்துவைக்கிறது. இங்கே 4 என்றிருப்பதை 8 ஆக்க வேண்டும். மறந்தால் பூனை வெறிபிடித்தாற்போல் வாலாட்டும்.

இதிலும் கோப்பு சரியாகப் பாதியாகாது. நன்றாகச் சுருக்கப்பட்ட ஜிஃப், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே சேமிக்கிறது. இடையில் ஒன்றை எடுத்துவிட்டால், அடுத்தது சுமக்க வேண்டிய மாற்றம் கூடுகிறது. அதே காரணத்தால், ஃபிரேம்களை முழுப்படங்களாக விரிக்காமல் நீக்கினால் பழைய வாலின் நிழல் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘ஜிஃப்சிக்கிள்’ என்ற இலவசக் கருவியில் இப்படி விரிப்பதற்கு `-U` என்ற கட்டளை இருக்கிறது.

வண்ணத்தைக் கடைசியாகக் குறையுங்கள். ஒரு ஃபிரேமின் வண்ணப் பட்டியலில் அதிகபட்சம் 256 நிறங்களுக்கே இடம். அளவைச் சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து புதுப்புது இடைநிறங்கள் பிறக்கின்றன. வண்ணத்தை முன்கூட்டியே குறைத்திருந்தால் அந்த உழைப்பு வீண்.

ஜிஃபின் எல்இசட்டபிள்யூ சுருக்கமுறை, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளுக்குச் சிறு எண்களைச் சூட்டுகிறது. 64 நிறமானால் ஒரே மாதிரி வரிசைகள் நீளும், கோப்பு இளைக்கும். ஆனால் சுவரின் மெல்லிய நிழல் பட்டைபட்டையாகத் தெரியத் தொடங்கும். அதை மறைக்க ‘டிதரிங்’ என்ற வசதி, கோலப்பொடி தூவியதுபோல் இருநிறப் புள்ளிகளைக் கலந்து தெளிக்கிறது. கண்ணுக்கு அழகுதான், வரிசைகளோ கலைந்து கோப்பு மறுபடி ஊதிவிடும். அசையாத சுவரில் புள்ளிகள் மினுக்கினால் டிதரிங்தான் காரணம் என்று சந்தேகிக்கலாம்.

அளவுக்கும் வண்ணத்துக்குமான கட்டளை:

```
gifsicle --resize-width 320 --colors 64 -O3 in.gif -o out.gif
```

கேமராவே நகரும் காட்சியில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக மாறுவதால் இவையெல்லாம் சேர்ந்தும் ஓரளவுக்கே உதவும். அத்தகைய காட்சியை எம்பி4 வீடியோவாக அனுப்புவதே சரி.