எவரெஸ்ட் உச்சியில் 253 மில்லிமீட்டர்

1981 அக்டோபர் 24 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டோபர் பிஸ்ஸோ, பையிலிருந்து ஒரு காற்றழுத்தமானியை எடுத்துப் பார்த்தார். அது 253 மில்லிமீட்டர் பாதரசம் என்று காட்டியது. உலகின் மிக உயரமான இடத்தில் காற்றழுத்தத்தை நேரடியாக அளந்தது அதுவே முதல் தடவை. விமானத் துறை நம்பியிருந்த திட்ட வளிமண்டல அட்டவணையோ அந்த உயரத்துக்கு 236 என்று சொல்லியிருந்தது.

வெறும் 17 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அந்த உயரத்தில் மூச்சு விடுகிறவருக்கு அது சிறிய தொகை இல்லை. உள்ளே போகும் காற்று உடல் சூட்டில் ஈரமாகும்போது நீராவி மட்டுமே 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். 253 என்றால் நுரையீரலுக்கு வரும் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறக்குறைய 43; 236 என்றால் 40-க்கும் சற்றுக் குறைவு. ஏற்கெனவே உடலின் எல்லையில் நிற்பவருக்கு அந்த மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் அடுத்த அடியை எடுத்து வைக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும்.

அட்டவணை ஏன் பிசகியது? அதற்கு முதலில் உயரம் கூடக்கூட அழுத்தம் எந்தக் கணக்கில் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் வானம் வரை நிற்கும் காற்றுத் தூண் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் அடியிலுள்ள அழுத்தம் என்பது மேலே இருக்கும் அத்தனை காற்றின் எடை. ஒரு மீட்டர் மேலே ஏறினால், அந்த ஒரு மீட்டர் காற்று நமக்குக் கீழே போய்விடுகிறது. அதன் எடை அளவுக்கு அழுத்தம் குறைகிறது. காற்று மேலேயும் எழும்பாமல் கீழேயும் விழாமல் நிற்க இதுதான் நிபந்தனை. இயற்பியலில் இதற்கு நிலைப்பாய்மச் சமநிலை என்று பெயர். கடல் மட்டத்தில், 0 டிகிரி செல்சியஸில், ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.29 கிலோ இருக்கும். நீரைப் போலக் காற்றும் எங்கும் ஒரே அடர்த்தியோடு இருந்தால் கணக்கு சுலபமாக முடிந்துவிடும்: ஏறத்தாழ 8,000 மீட்டர் ஏறியதும் அழுத்தம் பூஜ்யம். எவரெஸ்ட்டின் தலை வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்!

அப்படி இல்லை. அடுக்கி வைத்த பஞ்சுப் பொதிகளில் அடியிலுள்ளது நசுங்கியும் மேலுள்ளது உப்பியும் இருப்பது போல, காற்றும் கீழே நெருக்கமாகவும் மேலே தளர்ந்தும் இருக்கிறது. எவ்வளவு தளர்வு என்பதை நல்லியல்பு வாயு விதி சொல்கிறது. வெப்பநிலை மாறாதவரை அடர்த்தி, அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அழுத்தம் பாதியானால் அடர்த்தியும் பாதி.

இரண்டையும் சேர்த்தால் விஷயம் திறந்துகொள்கிறது. ஒரு மீட்டர் ஏறும்போது குறைவது அந்த மீட்டர் காற்றின் எடை. அந்த எடையோ அங்கே அப்போதிருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆக, ஒவ்வொரு மீட்டரும் கழிப்பது ஒரே தொகையை அல்ல, இருப்பில் ஒரே பங்கை. காற்று எங்கும் 0 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் பங்கு மீட்டருக்குச் சுமார் எட்டாயிரத்தில் ஒன்று. சூத்திரமாக எழுதினால்:

P = P₀ e^(−Mgh/RT)

P₀ கடல் மட்ட அழுத்தம், h உயரம், M காற்றின் மோலார் நிறை, g புவியீர்ப்பு முடுக்கம், R வாயு மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை. RT/Mg என்ற பகுதிதான் மேலே சொன்ன எட்டாயிரம் மீட்டர்.

எவரெஸ்ட்டுக்கே போட்டுப் பார்க்கலாம். மீட்டருக்கு எட்டாயிரத்தில் ஒரு பங்கு கழித்துக்கொண்டே போனால், ஒரு கிலோமீட்டர் ஏறியதும் நூற்றுக்கு 88 பங்கு மிஞ்சும். 760-இல் தொடங்கினால் முதல் கிலோமீட்டரில் 671; இரண்டாவதில் 592; நான்காவதில் 461. ஐந்தரை கிலோமீட்டரில் பாதியாகிவிடுகிறது. முதல் கிலோமீட்டர் 89 மில்லிமீட்டரைப் பறித்தது. ஏழிலிருந்து எட்டுக்கு ஏறும்போது 37 மட்டுமே போகிறது. 8,848 மீட்டரில் நிற்பது 251.

பிஸ்ஸோ அளந்தது 253. வெப்பநிலை எங்கும் ஒன்றே என்ற பச்சைப் பொய்யை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, உயரத்தோடு குளிர்வதையும் சேர்த்துத் தயாரித்த அட்டவணையை வென்றுவிட்டது. இதே 251-ஐ பிஸ்ஸோவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கணித்திருந்தார் ஸ்காட்லாந்து வேதியியலாளர் அலெக்சாண்டர் கெல்லஸ். ஆக்சிஜன் உருளை இல்லாமலே எவரெஸ்ட் ஏறலாம் என்றும் அவர் வாதிட்டார். 1921-இல் எவரெஸ்ட்டை நோக்கிச் சென்ற முதல் பிரிட்டிஷ் பயணத்தில், திபெத்திலேயே வழியில் இறந்துபோனார். அவர் சொன்னதை 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் ஏறிக் காட்டினார்கள்.

பொய் எப்படி ஜெயித்தது? சூத்திரத்துக்குள் உயரத்தோடு மல்லுக்கு நிற்பது T ஒன்றுதான். சூடான காற்று விரிந்து உயரமான தூணாக நிற்கும். அதில் உச்சி வரை போய் நின்றாலும் தலைக்கு மேலே இன்னும் நிறையக் காற்று பாக்கி இருக்கும். குளிர்ந்த தூண் குட்டையானது. திட்ட வளிமண்டலம் என்பது மித வெப்ப நாடுகளின் சராசரியை ஒட்டி வகுத்த ஒரு மாதிரி: கடல் மட்டத்தில் 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி சரிவு. அதன்படி எவரெஸ்ட் உயரம் வரையிலான தூணின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சுமார் 14 டிகிரி கீழே. நமது சூத்திரத்தில் T-க்கு அந்த மதிப்பைக் கொடுத்தால், அதுவும் ஏறக்குறைய 236 என்றே சொல்கிறது. ஆக, தவறு சரிவைச் சேர்த்ததில் இல்லை. வேறு ஊர்க் காற்றைக் கொண்டுவந்து வைத்ததில்தான். எவரெஸ்ட் நிற்பது 28 டிகிரி வட அட்சரேகையில், வெப்ப மண்டலத்தின் விளிம்பில். கீழே கங்கைச் சமவெளியின் சூடும் மேலே உறைய வைக்கும் குளிரும் சேர்ந்த சராசரி, 0 டிகிரியை ஒட்டியே அமைகிறது.

இன்னொரு கணக்கும் இதிலிருந்து கிடைக்கிறது: தூணின் சராசரி ஒரு டிகிரி குளிர்ந்தால் எவரெஸ்ட் உச்சியின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இறங்கும். கோடையில் 255-ஐ நெருங்கும் அழுத்தம் ஜனவரியில் 243 வரை விழுவது இதனால்தான். குளிர்காலத்தில் ஏறுகிறவர், காற்றின் கணக்குப்படி, இன்னும் உயரமான ஒரு மலையை ஏறுகிறார். ஷெர்பா ஆங் ரீட்டா 1987 டிசம்பர் 22 அன்று உருளை இல்லாமல் உச்சியைத் தொட்டது அப்படியொரு ஏற்றம்.

உயரமானிக்குள் இருப்பதும் அழுத்தமானியே. அது அளப்பது அழுத்தத்தை, முள் காட்டுவது திட்ட வளிமண்டலத்தின்படி பெயர்த்த உயரத்தை. பிஸ்ஸோ அளந்த 253-ஐ அப்படிப் பெயர்த்தால் வருவது சுமார் 8,370 மீட்டர். உச்சியில் நிற்பவரிடம் கருவி, இன்னும் 480 மீட்டர் பாக்கி என்கிறது. குளிர் நாடுகளில் ஆபத்து நேர்மாறு: காற்றுத் தூண் குட்டையாகிவிடுவதால் விமானம் முள் காட்டுவதைவிடத் தாழப் பறக்கும். அதனால்தான் கடுங்குளிரில் மலைகளுக்கு நடுவே தரையிறங்கும் விமானிகள், குறைந்தபட்ச உயரத்தோடு வெப்பநிலைக்கேற்ற ஒரு திருத்தத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள்.