தழும்பு இருக்கட்டும், உறுத்த வேண்டாம்

அல்சூரில் நிச்சயதார்த்தப் படம் எடுத்துக்கொள்ள வந்த பெண்ணின் கழுத்தில் தைராய்டு அறுவைத் தழும்பு. “அது இருக்கட்டும் அண்ணா, சிவப்பாக உறுத்த வேண்டாம்” என்றார்.

பக்கவாட்டு ஒளியில் மேடிட்ட தழும்பின் ஓரத்தில் நிழல் விழும். ஆகவே விளக்கை முகத்துக்கு நேரே நகர்த்தினேன். பிறகு போட்டோஷாப்பில் படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, அதில் மட்டும் தழும்பை முழுதாக நீக்கினேன். அந்த லேயரின் Opacity அளவை 100இலிருந்து 50 ஆக்கியதும், அடியிலுள்ள அசல் பாதி தெரிந்தது. தழும்பின் இடமும் நீளமும் மாறவில்லை, சிவப்பு மட்டும் தணிந்தது. அசலிலேயே அழித்திருந்தால் இந்த வசதி ஏது?

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அச்சில் தழும்பைத் தேட வேண்டியிருந்தால், திருத்தம் மிஞ்சிவிட்டது. 50, 40 இரண்டையும் அச்சிட்டுக் காட்டினேன். தழும்பு சற்றுக் கூடுதலாகத் தெரியும் 40ஐத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.